சுற்றுலாவா, சமையலா, தேனீயா: புதிய சேனலுக்குத் துறை தேர்ந்த ஒரு கணக்கு

குலசேகரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகள் படிப்பை முடித்த கையோடு யூடியூபில் ஒரு சேனல் தொடங்கத் தீர்மானித்தபோது அவளிடம் மூன்று யோசனைகள் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டத்துச் சுற்றுலா இடங்களைக் காட்டுவது முதலாவது; எங்கள் வட்டாரச் சமையல் இரண்டாவது; தேனீ வளர்ப்பு மூன்றாவது. வீட்டை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் சித்தப்பா 12 தேன் பெட்டிகள் வைத்திருக்கிறார் என்பதால் மூன்றாவது யோசனை ஒப்புக்குச் சேர்ந்திருந்ததே தவிர, அவள் மனம் முதலாவதில்தான் இருந்தது.

ஒரு துறையைத் தேர்வதற்குத் தன் ஈடுபாடு, பார்வையாளரின் தேவை, போட்டி ஆகிய மூன்றையும் எடைபோட வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண் போட்டுக் கூட்டியும் வைத்திருந்தாள். போட்டி குறைவாக இருந்தால் அதிக மதிப்பெண் என்பது அவளுடைய முறை. சுற்றுலாவுக்கு 9, 9, 3 என 21 வந்தது. சமையலுக்கு 6, 9, 4 என 19. தேனீக்கு 6, 4, 8 என 18. கூட்டல் சரிதான். ஆனால் அந்த ஒன்பது எண்களில் ஒன்றைக்கூட அவள் அளந்து எழுதவில்லை, எல்லாம் மனத்தில் தோன்றியவை. நான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலா சேனல் தொடங்கி, 11 வீடியோக்களோடு நிறுத்தியவன் என்பதால், அந்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவளோடு உட்கார்ந்தேன்.

ஈடுபாட்டை எப்படி அளப்பது

ஒன்றைப் பார்ப்பதில் உள்ள விருப்பமும் அதைச் செய்து காட்டுவதில் உள்ள விருப்பமும் ஒன்றல்ல. பயண வீடியோக்களை இரவு முழுவதும் பார்க்கிற ஒருவருக்கு, விடுமுறை நாளில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்காக வெயிலில் வரிசையில் நின்று, காற்றின் இரைச்சலில் பேசிப் பதிவுசெய்து, வீட்டுக்கு வந்து அதில் பாதியைத் தள்ளிவிடும் வேலை பிடிக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை. அது தெரிவதற்கு 11 வீடியோக்கள் தேவைப்பட்டன.

அதனால் அவளைக் கைப்பேசியைத் தொடாமல், ஒரு நோட்டில் ஒவ்வொரு துறைக்கும் 30 தலைப்புகள் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே இரண்டு செய்திகள் வேண்டும்: இதை எங்கே படம் பிடிப்பாள், இதில் ஐயம் வந்தால் யாரைக் கேட்பாள். இவை இல்லாத தலைப்பு கணக்கில் சேராது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு ஈடுபாடு என்பது மனநிலை மட்டுமல்ல. அடுத்த வாரத்துக்கும் அதற்கடுத்த வாரத்துக்கும் கையில் சரக்கு இருக்கிறதா என்பதும் அதற்குள் அடங்கும்.

சுற்றுலாவில் பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப் பாலம், திற்பரப்பு, முட்டம், வட்டக்கோட்டை, தோவாளைப் பூச்சந்தை என்று வேகமாகத் தொடங்கியவள் 17-ஆவது தலைப்பில் நின்றாள். அதற்கு மேல் எழுதியவை ஏற்கெனவே எழுதிய இடங்களின் வேறு பெயர்களாகவே இருந்தன. சமையலில் 30 எளிதாக வந்தது. ஆனால் படம் பிடிக்கும் இடமும் கேட்க வேண்டிய ஆளும் எல்லாத் தலைப்புக்கும் ஒன்றேதான்: சித்தியின் அடுக்களை, சித்தி. அவர் கேமரா முன் நிற்க ஒப்பவில்லை, தன் கை மட்டும் தெரிந்தால்கூட வேண்டாம் என்றுவிட்டார். அவளுக்கோ சாளைக்கும் அயலைக்கும் புளி எவ்வளவு என்பதில் இன்றும் குழப்பம்.

தேனீயில் 30-ஐத் தாண்டி 41 வந்தது, அது அவளுக்கே வியப்பு. சிறுவயதிலிருந்து பெட்டிகளைத் திறந்து மூடி வளர்ந்ததால், எறும்பு ஏறுவது, ராணி இல்லாத கூட்டம், மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுப்பது, மெழுகு அந்துப்பூச்சி, கூட்டம் பெட்டியை விட்டுப் பறந்துபோவது என்று ஒவ்வொரு தொல்லையும் அவளுக்கு ஒரு தலைப்பாக வந்தது. கேட்பதற்கும் ஆள் உண்டு. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் 1920-களில் தொடங்கிய பணிகளின் வழியே பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பது எங்கள் பக்கத்தில் வீட்டுத்தொழிலாகப் பரவியது. 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் புழுக்களைத் தாக்கிய பை நோயால் பெட்டிகள் காலியானதையும், மீண்டும் கூட்டம் பிடித்துத் தொடங்கியதையும் நேரில் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈடுபாட்டுக்குப் போட்டிருந்த 9, 6, 6 என்பதை அவளே அடித்துவிட்டு 6, 5, 9 என்று மாற்றினாள்.

தேவை: எத்தனை பேர் என்பதைவிட, என்ன கேட்கிறார்கள்

யூடியூபின் தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டும்போது கீழே வரிசையாக விழும் பரிந்துரைகள், பிறர் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருகின்றன. தன் கணக்கிலிருந்து வெளியேறி மறைநிலைச் சாளரத்தில் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நம் பழைய தேடல்களே நமக்குத் திரும்பி வந்து, ஊரே அதைத் தேடுவதுபோல் காட்டிவிடும். முதன்மைச் சொல்லுக்குப் பின் 'எப்படி', 'எப்போது', 'ஏன்' என்று சேர்த்தும், ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்தும் பார்த்தால், ஒரு துறையைச் சுற்றி என்னென்ன கேள்விகள் சுழல்கின்றன என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நம்மவர்களில் பலர் தமிழில் நினைத்து ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள் என்பதால் இரண்டு வகையிலும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கையான பள்ளம் உண்டு. `theni` என்று தட்டினால் தேனீயோடு தேனி மாவட்டமும் வந்து நிற்கிறது. ஒரு சொல்லைத் தேடுவது காலப்போக்கில் ஏறியதையும் இறங்கியதையும் கோடாக வரைந்து காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் அந்தச் சொல்லை மட்டும் கொடுத்த அவள், கோடு உயரமாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டாள். அதில் பெரும்பங்கு தேனி என்ற ஊரைத் தேடியவர்களுடையதாகத்தான் இருக்கும். `theni valarppu` என்று முழுதாகக் கொடுத்தபோது கோடு தரையோடு படுத்துக்கொண்டது. டிரெண்ட்ஸைப் பயன்படுத்தும்போது `Web Search` என்றிருப்பதை `YouTube Search` என்று மாற்றி, இடத்தைத் தமிழ்நாடு என்று வைத்து, ஐந்தாண்டுக் காலத்தைப் பார்ப்பது நல்லது. அது காட்டும் 0 முதல் 100 வரையிலான எண் தேடியவர்களின் எண்ணிக்கை அன்று. அந்தக் காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை ஒப்பிடும் அளவு மட்டுமே. தேடல் மிகக் குறைவாக இருக்கும் சொல்லுக்கு 0 என்றே காட்டும் என்பதால், சிறிய துறைகளில் அது இல்லாமையை மெய்ப்பிப்பதில்லை. அவற்றுக்குத் தேடல் பெட்டியும் கருத்துப்பகுதியும்தான் நம்பத்தக்க சாட்சிகள்.

இந்த வழியில் பார்த்தபோது, அவள் சுற்றுலாவுக்கும் சமையலுக்கும் போட்டிருந்த இரண்டு 9-களும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பது தெளிந்தது.

கன்னியாகுமரி என்று தேடுபவர்கள் மிகப் பலர். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையிலான கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது எல்லோரும் அதைத்தான் படம் பிடித்தார்கள். ஆனால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் படகு எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, ஒரு நாளில் எவற்றைப் பார்க்கலாம் என்பவைதான். படகு நேரத்தையும், பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் கூகுள் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது, அதற்கு எட்டு நிமிட வீடியோ தேவையில்லை. கட்டணம் மாறினால் வீடியோ பழையதாகிவிடும். இவற்றைவிடப் பெரிய குறை, ஊருக்கு வந்து போனவருக்கு அந்தச் சேனல் அதன்பின் தேவைப்படாது என்பது. ஒருமுறை பார்ப்பவர்கள் பல்லாயிரம் பேர் இருந்தும் சந்தாதாரர் சேராத நிலை இங்கிருந்துதான் வருகிறது. என் 11 வீடியோக்களில் ஒன்று நன்றாகவே ஓடியது. அதைப் பார்த்தவர்கள் அடுத்ததைப் பார்க்க வரவில்லை.

சமையலில் இதற்கு நேர்மாறு. பார்த்தவர் நாளையும் சமைப்பார். 'மீன் குழம்பு' என்பதற்குத் தேவை வற்றாது. ஆனால் அந்தத் தேவை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்ட தேவை. அதைவிட, 'மீன் புளிமுளம்', 'மரச்சீனிக் கிழங்கு மயக்கியது', 'ரசவடை' என்று எங்கள் மாவட்டத்துப் பெயர்களால் தேடுபவர்கள் குறைவானாலும், அவர்களுக்கு வேண்டியது இன்னது என்று அவர்களுக்கே தெரியும். வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம்மவர்கள் அவர்களில் பலர் என்பதைக் கருத்துகளைப் படித்தாலே அறியலாம்.

தேனீயில் தேடுபவர் எண்ணிக்கை மூன்றிலும் சிறியது, அதில் ஐயமில்லை. எனினும் இருக்கும் வீடியோக்களின் கருத்துகளைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்திப் படித்தபோது, பதில் கிடைக்காத கேள்விகள் குவிந்து கிடந்தன. வாங்கி வந்த கூட்டம் மூன்றாம் நாள் ஓடிவிட்டதே, பெட்டிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தும் எறும்பு வருகிறதே, தேன் உறைந்துவிட்டதே, கலப்படமா என்று ஒவ்வொன்றும் ஒரு வீடியோவுக்குரிய கேள்வி. உறைவது கலப்படத்துக்கு அடையாளம் அன்று என்பதும், ரப்பர்த் தேன் விரைவில் உறையக்கூடியது என்பதும் எங்கள் வீட்டில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த செய்தி. கேட்டவருக்கோ அதைச் சொல்ல ஆளில்லை. பெட்டி வாங்கியவருக்கு ஆண்டு முழுவதும் ஒரு கேள்வி மாற்றி ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கும் என்பதால், பார்ப்பவர் குறைவானாலும் அவர் திரும்பி வருபவர்.

அந்தச் சிறிய கூட்டம் போதுமா என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். விளம்பர வருவாயில் பங்கு பெற யூடியூப் கேட்பது 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும். ஷார்ட்ஸ் ஓடையில் கிடைக்கும் பார்வை இந்த மணிக்கணக்கில் சேராது. அந்த வழியில் போக விரும்புவோருக்கு 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகள் என்ற தனி அளவு உண்டு. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று கொண்டால் 60,000 பார்வைகள் வேண்டும். ஆண்டுக்கு 40 வீடியோ போட்டால், ஒவ்வொன்றும் சராசரியாக 1,500 பார்வை. ஆகவே தேவையைப் பற்றி ஒரு தொடக்கக்காரர் கேட்க வேண்டிய கேள்வி, இலட்சக்கணக்கானோர் தேடுகிறார்களா என்பதன்று. இந்தத் துறையில் பெயர் தெரியாத ஒருவரின் வீடியோவுக்கு ஓராண்டில் 1,500 பார்வை கிடைக்குமா என்பதே. அதற்கான விடை போட்டியை அளக்கும்போது தானாகக் கிடைத்துவிடும்.

போட்டி: தலைகளை எண்ணுவதால் பயனில்லை

எத்தனை சேனல்கள் இருக்கின்றன என்று எண்ணுவது தவறான அளவு. நூறு சேனல்கள் இருக்கும் துறையில் புதியவர் நுழைய இடம் இருக்கலாம். மூன்றே இருக்கும் துறையில் அந்த மூன்றே போதும் என்று பார்வையாளர் இருந்துவிடலாம். பார்க்க வேண்டியது, சிறிய சேனலின் புதிய வீடியோவுக்கு அதன் சந்தாதாரர் அல்லாதவர்கள் வருகிறார்களா என்பதே.

அவள் செய்த வேலை இது. ஒவ்வொரு துறையிலும், பரிந்துரைகளில் கிடைத்த ஐந்து தேடல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதல் 20 வீடியோக்களின் பார்வை, வெளியான காலம், சேனலின் சந்தாதாரர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்தாள். 5,000-க்குக் கீழ் சந்தாதாரர் உள்ள ஒரு சேனலில், ஓராண்டுக்குள் வந்த ஒரு வீடியோ, அந்தச் சேனலின் சந்தாதாரர் எண்ணிக்கையைவிட அதிகமான பார்வை பெற்றிருந்தால் அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி. 800 பேர் உள்ள சேனலின் வீடியோவுக்கு 6,000 பார்வை என்றால், மீதிப்பேரை யூடியூபே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்று பொருள். 10 இலட்சம் பேர் உள்ள சேனலின் வீடியோவுக்கு 2 இலட்சம் பார்வை வந்திருப்பது அந்தச் சேனலின் பெயருக்குக் கிடைத்தது. அதிலிருந்து துறையைப் பற்றி ஒன்றும் அறிய முடியாது.

இதில் ஷார்ட்ஸைக் கலக்கவே கூடாது. 2025 மார்ச் இறுதியிலிருந்து ஷார்ட்ஸில் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணப்படுவதால், அந்த எண்கள் நீள வீடியோவின் எண்களோடு ஒப்பிடத் தக்கவை அல்ல. முதல் நாள் அவள் இதைக் கவனிக்காமல் சுற்றுலாவுக்கு ஏராளமான புள்ளிகள் வைத்துவிட்டாள்; ஷார்ட்ஸை நீக்கிய பிறகு பெரும்பாலானவை மறைந்தன.

எஞ்சிய நிலை இது. சுற்றுலாவில் முன்வரிசை முழுவதும் தமிழகம் எங்கும் சுற்றும் பெரிய சேனல்கள். சிறியவர்களுக்குக் கிடைத்த புள்ளிகள், கூட்டம் அறியாத சில இடங்களைப் பற்றியவை மட்டுமே. சமையலில், பொதுப்பெயர்களில் புள்ளியே இல்லை, பழைய பெரிய வீடியோக்கள் அசையாமல் நின்றன. வட்டாரப் பெயர்களில் ஓரளவு புள்ளிகள் இருந்தன. தேனீயில் பாதிக்கு மேற்பட்ட தேடல்களில் புள்ளி விழுந்தது, அவற்றுள் பலவற்றின் பார்வை நாங்கள் போட்ட 1,500-ஐக் கடந்திருந்தது. மேலும், முன்னே நின்ற வீடியோக்களில் பல, ஒரு பண்ணைக்கு ஒருமுறை போய் அதன் உரிமையாளரைப் பேட்டி கண்டவை. வருமானம் எவ்வளவு என்று கேட்டவர்கள், பெட்டியைத் திறந்து புழு அடை எது, தேன் அடை எது என்று காட்டவில்லை.

ஒரு தேடலுக்குப் பொருத்தமான வீடியோவே இல்லை என்றால் அதை உடனே வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பரிந்துரையில் அந்தக் கேள்வி தானாக வந்து, விடையாக வரும் வீடியோக்கள் வேறு எதையோ பேசினால் அது காலி இடம். பரிந்துரையிலும் வராமல், கருத்துகளிலும் எவரும் கேட்காமல் இருந்தால் அது ஆளில்லாத இடம். அவளுடைய 41 தலைப்புகளில் 9 இப்படி ஆளில்லாதவையாக இருந்தன. பை நோயின் வரலாறு அவற்றில் ஒன்று. எனக்கு அதைப் பார்க்க ஆசைதான். ஆனால் முதல் ஆண்டில் வேண்டாம் என்றேன்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஓர் ஐயமும் எழுந்தது. ரப்பர்த் தோட்டத்துத் தேனீ வளர்ப்பைப் பற்றி மலையாளத்தில் வீடியோக்கள் உண்டு, எல்லைப்புறத்தில் இருக்கும் எங்களுக்கு அது புரியும், பிறகு தமிழில் யார் பார்ப்பார்கள் என்று சித்தப்பா கேட்டார். விளவங்கோட்டுக்காரருக்கு அது பொருந்தும். கம்பத்திலோ சத்தியமங்கலத்திலோ முதல் பெட்டி வாங்கியவருக்குப் பொருந்தாது. ஆனால் அந்தக் கேள்வியால் ஒரு நன்மை விளைந்தது: ரப்பர் மட்டும் பேசினால் பார்வையாளர் வட்டம் எங்கள் மாவட்டத்தோடு சுருங்கும், ஆகவே பெட்டி பராமரிப்பை முதன்மையாகவும் ரப்பரை ஒரு பகுதியாகவும் வைக்க வேண்டும் என்று துறையின் எல்லை திருத்தப்பட்டது.

மீண்டும் அதே எண்கள்

அளந்த பிறகு சுற்றுலாவுக்கு 6, 7, 3. சமையலுக்கு 5, 8, 4. தேனீக்கு 9, 5, 7. கூட்டினால் 16, 17, 21. கூட்டல் இம்முறை சரியான பக்கம் சாய்ந்துவிட்டாலும், அந்த முறையை நான் ஏற்கவில்லை; ஒரு பக்கத்தின் பள்ளத்தை மற்றொரு பக்கத்தின் மேடு நிரப்பிவிடும் என்று அது நினைக்கிறது. நுழையவே முடியாத துறையில் எவ்வளவு தேவை இருந்தும் என்ன? மூன்றில் எது மிகக் குறைவோ அதையே அந்தத் துறையின் மதிப்பாகக் கொள்வது பொருத்தம்: 3, 4, 5. சமையலுக்குச் சித்தி இசைந்திருந்தால், வட்டாரப் பெயர்களோடு மட்டும் நிற்பதாக இருந்தால், அங்கே போட்டியின் 4 என்பது 6 ஆகியிருக்கும். அப்போது நான் தயங்கியிருப்பேன். தேனீயின் 5 தேவைப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை. இந்தச் சேனல் பெரிதாக வளர்வதற்கு ஒரு கூரை உண்டு. விளம்பர வருவாயைவிடத் தேனும் கூட்டமும் விற்பதில் வரும் பணமே அதிகமாக இருக்கலாம்.

தேர்ந்தது தவறா என்பதை 10 வீடியோவுக்குப் பிறகு யூடியூப் ஸ்டுடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. தம்ப்நெய்ல் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதே மிகக் குறைவாக இருந்தால் தலைப்புகளுக்குத் தேவை இல்லை. துறையின் எல்லையை மாற்ற வேண்டும். பல முறை காட்டப்பட்டும் சொடுக்குபவர் 100-க்கு 2 பேருக்கும் குறைவாக இருந்தால் துறையைக் குறை சொல்லாமல் தம்ப்நெய்லையும் தலைப்பையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பாதிச் சேனல்களுக்கு இந்த அளவு 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. சொடுக்கியவர்கள் முதல் அரை நிமிடத்தில் போய்விட்டால் குறை வீடியோவின் தொடக்கத்தில். நான் என் காலத்தில் இவற்றைப் பிரித்துப் பார்க்காமல், பார்வை குறைந்தபோதெல்லாம் துறையையே ஐயப்பட்டேன்.

எந்த வரிசையில் போடுவது என்பதை ரப்பர் மரமே சொல்லிவிட்டது. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் தேனைத்தான் எங்கள் பக்கத்துத் தேனீக்கள் எடுக்கின்றன. அறுவடை ஆண்டின் முதல் சில மாதங்களில். கூட்டம் பிரிப்பது அதற்கு முன். ஜூனில் மழை தொடங்கியதும் பஞ்சகாலம். கேள்வி எழுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வீடியோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், மே மாதத்தில் தொடங்கிய அவள், முதல் வீடியோவாகச் சர்க்கரைப் பாகு காய்ச்சும் அளவையும், இரண்டாவதாக எறும்பையும் எடுத்துக்கொண்டாள்.